கிரயப் பத்திரமும் மின் இணைப்பின் பெயர் மாற்றமும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழருள் தமிழ்நாட்டில் ஒரு வீடு வாங்குவோர் பலர் உளர். பிறந்த ஊரிலோ முன்னோர் ஊரிலோ ஓர் இல்லம் வேண்டும் என்று வாங்குகின்றனர். பத்திரம் பதிவாகிச் சாவி கைக்கு வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணித் திரும்பிவிடுகின்றனர். ஆனால் அவ்வீட்டின் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டரும், வாசலில் உள்ள குடிநீர்க் குழாயும் இன்னும் பழைய உடைமையாளர் பெயரிலேயே இருக்கும். சில வீடுகளில் அவருக்கும் முன்னவர், இறந்து பல்லாண்டு ஆனவர், அவர் பெயரிலும் இருக்கும். கட்டணம் செலுத்திவரும் வரை விளக்கு எரியும். ஆதலால் இக்குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டை விற்கவோ, கூடுதல் மின்பளு கேட்கவோ, பழைய நிலுவைக்கு விடை சொல்லவோ நேரும்போதுதான் அது வெளிப்படுகிறது. அப்பொழுது விற்றவர் எங்கிருக்கிறாரோ, உயிருடன்தான் இருக்கிறாரோ என்று தேடவேண்டியதாகிறது.

இதனைத் தடுக்கும் வழி கிரயப் பத்திரத்திலேயே இருக்கிறது. அது எவ்வாறு என்பதையே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

இரு நாட்டு வழக்கின் வேறுபாடு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளவேண்டும். மலேசியாவில் வீடு கைமாறினால், பழையவரின் மின்கணக்கு முடிக்கப்பட்டு அவருடைய முன்பணம் அவருக்கே கணக்குத் தீர்க்கப்படுகிறது. புதியவர் தம் பெயரில் புதுக்கணக்குத் திறந்து, தம் முன்பணத்தைத் தாமே கட்டுகிறார். சிங்கப்பூரிலும் ஒருவர் கணக்கை மூட, மற்றவர் திறப்பதே முறை. பழையவருக்கும் புதியவருக்கும் அங்கே கொடுக்கல் வாங்கல் இல்லை.

தமிழ்நாட்டில் அவ்வாறன்று. அங்கே மின் இணைப்பு எண் வீட்டோடு நிற்கிறது. எத்தனை பேர் கைமாறினாலும் அவ்வெண் மாறுவதில்லை. அவ்வெண்ணுக்கு எதிரே எழுதப்பட்டுள்ள பெயர் மட்டுமே மாற்றப்படுகிறது. ஆகவேதான் அதனைப் 'பெயர் மாற்றம்' என்கின்றனர். ஒரு பெயரை அடித்து மற்றொன்றை எழுதவேண்டுமானால், முதற்பெயருக்கு உரியவரிடமிருந்து இரண்டாம் பெயருக்கு உரியவர்க்கு அவ்வுரிமை வந்த வழியைக் காட்டவேண்டும். அவ்வழியைக் காட்டும் சான்றுதான் கிரயப் பத்திரம்.

மின்வாரியம் என்று மக்கள் இன்றும் வழங்குவது, 1957ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார வாரியத்தின் பெயரை ஒட்டியது. 2010ஆம் ஆண்டில் அது பிரிக்கப்பட்டது. 2024இல் மீண்டும் அமைப்பு மாறி, வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் பணி தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தைச் சேர்ந்தது. நாம் இக்கட்டுரையில் மக்கள் வழக்கை ஒட்டி மின்வாரியம் என்றே குறிப்போம்.

வீட்டோடு வருவதும் வாராததும்

இந்தியாவில் 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலம் ஆகியவற்றின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால்தான் நிறைவேறும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஒரு வீடு கைமாறினால் அதனோடு என்னென்ன சேர்ந்து வரும் என்று சொல்கிறது. பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, சன்னல், வீட்டின் நிலையான பயனுக்கென அமைத்த பிற பொருள்கள் ஆகிய யாவும் தனியே எழுதாவிடினும் வாங்குபவரைச் சேரும். ஆதலால் சுவரில் பதித்த மின்கம்பியும், சுவிட்சுப் பலகையும் வீட்டோடு வந்துவிடுகின்றன. அவற்றைப் பற்றி வழக்கில்லை.

வாராதது ஒன்று உண்டு. அது மின்வாரியத்திடம் இருக்கும் வைப்புத்தொகை. இணைப்புப் பெற்ற நாளில் வீட்டுக்காரர் ஒரு தொகையைக் கட்டியிருப்பார். பின்னர் மின்செலவு கூடக் கூடக் கூடுதல் தொகையும் கேட்டுப் பெற்றிருப்பர். அது கட்டணம் அன்று. பிணையாக வைத்த பணம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 47ஆம் பிரிவு அதற்கு வட்டியும் தரவேண்டும் என்கிறது. எனவே அது ஒருவருடைய சொந்தப் பணம். வீட்டின் சுவரிலோ நிலத்திலோ இல்லை. ஓர் அலுவலகத்தின் ஏட்டில் ஒருவர் பெயரில் இருக்கிறது. வீட்டை விற்றதனாலேயே அப்பணத்தையும் விற்றார் என்று கொள்ள முடியாது. அவர் எழுதிக் கொடுத்தால்தான் அது புதியவருக்கு உரியதாகும்.

இவ்வொன்றை உணர்ந்துகொண்டால், பெயர் மாற்றத்தில் மின்வாரியம் ஏன் இத்தனை தாள்களைக் கேட்கிறது என்பது விளங்கிவிடும். அவர்கள் கேட்பன இரண்டு கேள்விகளே. இந்த வீடு உமக்கு எவ்வாறு வந்தது? இந்தப் பணத்தை உம் பெயரில் எழுதிக்கொள்ளப் பழையவர் இசைந்தாரா? முதற்கேள்விக்கு விடை கிரயப் பத்திரம். இரண்டாம் கேள்விக்கு விடை ஒப்புதல் கடிதம்.

பத்திரத்தில் பார்க்கவேண்டிய இடங்கள்

தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரங்கள் பெரும்பாலும் தமிழிலேயே எழுதப்படுகின்றன. அவற்றின் நடை நம் ஆசிரியர்க்குப் புதுமையாகத் தோன்றும். கிரயம், சுவாதீனம் என்னும் வடசொற்களும், தபசில், வாரிசு என்னும் அரபுமொழி வழிவந்த சொற்களும் அதில் கலந்து நிற்கும். கிரயம் என்பது விலைக்கு விற்றல். சுவாதீனம் என்பது உடைமையைக் கையில் ஒப்படைத்தல். தபசில் என்பது சொத்தின் விவரப் பட்டியல். வீட்டின் மேலுள்ள அடைமானம், வழக்கு முதலிய தடைகளை வில்லங்கம் என்பர்.

பத்திரம் நீண்டதாயினும் பெயர் மாற்றத்திற்கு வேண்டிய இடங்கள் நான்கே.

முதலாவது, எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் ஆகியோரின் பெயர்கள். எழுதிக் கொடுப்பவர் பெயரும், மின்கட்டணச் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றாயிருந்தால் வேலை எளிது. வேறாயிருந்தால் இடையே ஓர் இணைப்பு விடுபட்டிருக்கிறது என்று பொருள். அதனை முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே பார்த்துவிடவேண்டும்.

இரண்டாவது, விற்றவருக்கு அவ்வீடு வந்த வரலாறு. பத்திரத்தின் முற்பகுதியில், இச்சொத்து இன்ன ஆண்டு, இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில், இன்ன எண்ணாகப் பதிவான பத்திரத்தின்படி எனக்குப் பாத்தியமானது என்று விற்றவர் சொல்லியிருப்பார். அவ்வாறு குறிக்கப்பட்ட முந்தைய பத்திரத்தை மூலப்பத்திரம் என்பர். விடுபட்ட இணைப்பை நிரப்ப உதவுவது இதுவே.

மூன்றாவது, தபசில். பதிவு மாவட்டம், கிராமம், சர்வே எண், நான்கெல்லை, நீள அகலம், கதவு எண் ஆகியவை இங்கே வரும். மின்கட்டணச் சீட்டில் சர்வே எண் பெரும்பாலும் இராது. தெருவும் கதவு எண்ணுமே இருக்கும். ஆகவே பத்திரத்தையும் மின் இணைப்பையும் ஒன்றோடொன்று கட்டும் கயிறு கதவு எண்தான். நகரங்களில் கதவு எண்கள் மாற்றப்பட்டபோது பழைய எண், புதிய எண் என இரண்டாயின. பத்திரத்தில் ஒன்றும் சீட்டில் மற்றொன்றும் இருந்தால், இரண்டும் ஒரே வீடு என்று காட்டவேண்டி வரும். தபசிலில் இரு எண்களையும் எழுதிவிட்டால் அத்தொல்லை இல்லை.

நான்காவது, இணைப்பைப் பற்றிய வாசகம். இதுவே இன்றியமையாதது, இதுவே அடிக்கடி விடுபடுவதும் ஆகும். பத்திரம் எழுதுவோர் பலர், 'மின் இணைப்பு உள்பட' என்ற சொற்களோடு நிறுத்திவிடுகின்றனர். அதில் எண் இல்லை, வைப்புத்தொகை இல்லை, ஒப்புதலும் இல்லை. மாடியிலும் கீழும் தனித்தனி மீட்டர்கள் உள்ள வீட்டில், எந்த இணைப்பு என்ற ஐயத்திற்கும் அது இடம் தருகிறது. கீழ்க்காணும் வகையில் எழுதச் சொல்வது நன்று:

"தபசில் கண்ட வீட்டிற்குரிய இன்ன எண்ணுள்ள மின் இணைப்பும், அதன்பேரில் மின்வாரியத்தில் கட்டப்பட்டுள்ள வைப்புத்தொகை முழுவதும், இன்ன எண்ணுள்ள குடிநீர் இணைப்பும், அதற்குரிய வைப்புத்தொகையும் இக்கிரயத்தில் அடங்கியவை. இவற்றைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சுவாதீனம் கொடுத்த இன்றைய தேதி வரையில் உள்ள கட்டணங்களுக்கு நானே பொறுப்பு. பின்னால் இக்காலத்திற்குரிய நிலுவை ஏதும் தெரியவந்தால் அதனையும் நானே செலுத்தக் கடவேன்."

இவ்வளவே. பத்திரத்தில் ஐந்தாறு வரிகள் கூடும். அதனால் முத்திரைத் தீர்வை கூடுவதில்லை. இவ்வாறு எழுதியிருந்தாலும், அதே நாளில் மின்வாரியப் படிவத்தில் ஒப்புதல் கடிதம் ஒன்றிலும் விற்றவரின் கையொப்பத்தைப் பெற்றுக்கொள்வது முறை. அலுவலகத்தில் உள்ளவர் பார்த்துப் பழகியது அப்படிவமே ஆதலின், அது இருந்தால் பத்திரத்தின் பக்கங்களைப் புரட்டி வாசகம் தேடவேண்டிய நிலை வாராது. விற்றவர் மனநிறைவோடு நம் எதிரே அமர்ந்திருக்கும் கடைசி நாள் பதிவு நாளே என்பதை மறத்தல் ஆகாது.

ஒரு வீட்டின் கதை

மேலே கூறியவை நடைமுறையில் எவ்வாறு பின்னிக்கொள்கின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் ஒரு தெருவில் ஒரு வீடு. 1984இல் அதனைக் கட்டிய தந்தை தம் பெயரில் மின் இணைப்புப் பெற்றார். 2009இல் அவர் காலமானார். அவருக்கு முன்னரே மனைவியார் மறைந்துவிட்டார். வாரிசுகள் இரண்டு மகன்கள், ஒரு மகள். 2011இல் மகன்கள் இருவரும் வீட்டில் தங்களுக்குள்ள பங்கைத் தங்கையின் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர். மகள் முழு உடைமையாளர் ஆனார். வீட்டுவரி அவர் பெயருக்கு மாறிற்று. மின் இணைப்பை மட்டும் எவரும் தொடவில்லை. தந்தையின் பெயரிலேயே சீட்டு வந்தது, மகள் கட்டிவந்தார். 2024ஆம் ஆண்டு, ஏப்ரல் 22இல், ஜொகூரில் பணிசெய்யும் ஒருவர் அவரிடமிருந்து அவ்வீட்டை வாங்குகிறார்.

வாங்கியவரின் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் மகள். மின்கட்டணச் சீட்டில் இருப்பவர் தந்தை. மேலும் சீட்டில் கதவு எண் 14. பத்திரத்தின் தபசிலில் கதவு எண் 27. ஆக, இரண்டு இடங்களில் கயிறு அறுந்திருக்கிறது. ஒன்று ஆளைப் பற்றியது. மற்றொன்று இடத்தைப் பற்றியது.

இடத்தைப் பற்றியது எளிதில் தீர்கிறது. மகளின் பெயரிலுள்ள பழைய வீட்டுவரி ரசீதில் பழைய எண் 14, புதிய எண் 27 என்று இரண்டும் இருக்கின்றன. அதன் படியை விண்ணப்பத்தோடு சேர்த்தால் போதும். அத்தகைய ரசீது கிடைக்காவிடின், இரண்டும் ஒன்றே என்று மாநகராட்சியில் சான்று பெறவேண்டியிருக்கும்.

ஆளைப் பற்றியதற்கு மூன்று படிகள் உள்ளன. தந்தை இறந்தார் என்பதற்கு இறப்புச் சான்றிதழ். அவருக்குரியவர் இம்மூவர் என்பதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற வாரிசுச் சான்றிதழ். மூவரில் மகளே வீட்டுக்கு உரியவர் ஆனார் என்பதற்கு 2011ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம். இம்மூன்றின் மேல் 2024ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தை வைத்தால், தந்தையிலிருந்து வாங்கியவர் வரை ஏணி முழுமையாகிறது. விற்ற மகளிடம் இத்தாள்கள் இருக்கும். பதிவு நாளில் அவற்றின் படிகளைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் கடமை.

இனி, வைப்புத்தொகை. இங்கேதான் ஒரு நுட்பம் உள்ளது. அண்ணன்மார் இருவரும் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் வீட்டைப் பற்றிப் பேசுகிறது. மின்வாரியத்தில் தந்தை கட்டிய பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பணம் தந்தைக்குப் பின் மூவருக்கும் உரியது. ஆகவே மகள் ஒருவர் மட்டும் ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்தால், மற்ற இருவரின் இசைவு எங்கே என்ற கேள்வி எழும். ஒருவர் துபாயிலும் ஒருவர் சென்னையிலும் இருக்கலாம். ஒரு சிறு தொகைக்காக அவர்களைத் தேடிக் கையொப்பம் வாங்குவது ஆகாத காரியம்.

விதிகள் இதற்கு ஒரு வழி விட்டிருக்கின்றன. பழையவரின் ஒப்புதல் கிடைக்காத போது, புதியவர் தமக்குரிய வைப்புத்தொகையைத் தாமே புதிதாகக் கட்டி, பிற்காலத்தில் எவரும் உரிமை கோரி வந்தால் தாம் பொறுப்பேற்பதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்றம் பெறலாம். நம் எடுத்துக்காட்டில் வாங்கியவர்க்கு இதுவே நல்ல வழி. பழைய வைப்புத்தொகையை வாரிசுகள் தங்கள் சான்றுகளைக் காட்டிக் கேட்டுப் பெறலாம். அது அவர்கள் பாடு. ஒப்புதல் கடிதம் இல்லாமல் பெயர் மாற்றமே இயலாது என்று எவரேனும் கூறினால் அது சரியன்று. ஒப்புதல் இல்லாமையின் விலை, ஒரு புது வைப்புத்தொகையும் ஓர் உறுதிமொழியுமே.

மீட்டர் காட்டும் எண்

தஞ்சை வீட்டிலேயே இன்னொன்றையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மீட்டர் கணக்கு எடுக்கப்படுகிறது. விற்றவர், "கட்டணம் எல்லாம் கட்டியாயிற்று" என்று கடைசி ரசீதைக் காட்டுவார். அது பொய்யன்று; எனினும் முழு உண்மையும் அன்று. கடைசிக் கணக்கிற்குப் பின்னர் ஓடியது அந்த ரசீதில் இல்லை.

மார்ச் 5இல் கணக்கு எடுத்தபோது மீட்டர் 18,420 காட்டிற்று. ஏப்ரல் 22இல் சாவி கொடுத்தபோது 18,655. மே 5இல் அடுத்த கணக்கு எடுத்தபோது 18,700. ஆக அவ்விரண்டு மாதச் செலவு 280 அலகு. அதில் 235 அலகு விற்றவருடையது; 45 அலகே வாங்கியவருடையது. வீடுகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 அலகு 2016ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அதற்கு மேல் அலகு ஏற ஏற விகிதமும் ஏறுகிறது. அதனால் யாருடைய அலகுக்கு எந்த விகிதம் என்று பிரிப்பது வீண் வாதத்தில் முடியும். வந்த தொகையை 280 பங்காக்கி, 235 பங்கை விற்றவரும் 45 பங்கை வாங்கியவரும் ஏற்பதாக முன்னரே பேசிக்கொள்வது நேர்மையான முறை. சாவி வாங்கும் நேரத்தில் மீட்டரின் எண்ணை இருவரும் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, படமும் எடுத்து வைத்துக்கொண்டால் இதற்குமேல் சான்று வேண்டாம்.

சிறு தொகைக்கு இவ்வளவு முயற்சி எதற்கு என்று சிலர் எண்ணலாம். எல்லா நிலுவையும் சிறிதாய் இருப்பதில்லை. பல மாதம் கட்டாமல் துண்டிக்கப்பட்ட இணைப்புள்ள வீடும் விற்பனைக்கு வரும். விலை மலிவாகவும் இருக்கும். பழையவர் வைத்த கடனைப் புதியவரிடம் மின்வாரியம் கேட்கலாமா என்பது நெடுங்காலம் வழக்குமன்றங்களில் வாதிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு மே 19இல் இந்திய உச்ச நீதிமன்றம், கேரள மாநில மின்சார வாரியம் தொடர்பான கே.சி. நைனான் வழக்கில் இதற்கு விடை தந்தது. மின்விநியோக விதிகளிலே அவ்வாறு விதிக்கப்பட்டிருந்தால், பழைய நிலுவையைத் தீர்த்தால்தான் அவ்வீட்டிற்கு மீண்டும் இணைப்புத் தருவோம் என்று புதியவரிடம் சொல்லலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே, "அது அவர் கடன், எனக்கென்ன?" என்று இருந்துவிட இயலாது. வாங்குவதற்கு முன்பே இணைப்பு எண்ணைக் கொண்டு நிலுவையை அறிந்துகொண்டு, இருந்தால் அதை விலையில் கழித்துக்கொள்ளவேண்டும்.

விண்ணப்பமும் அதன் பின்னும்

விண்ணப்பத்தை மின்வாரியத்தின் இணையதளத்திலேயே அளிக்கலாம். இணைப்பு எண், வாங்கியவரின் அடையாளச் சான்று, கிரயப் பத்திரத்தின் படி, ஒப்புதல் கடிதம் அல்லது உறுதிமொழி ஆகியவற்றை ஏற்றிக் கட்டணம் செலுத்தவேண்டும். பெயர் மாற்றக் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது மாற்றுவதால் அன்றைய தொகையையே பார்த்துக் கட்டவேண்டும். அந்த இணைப்பில் பழைய பாக்கி இருந்தால் விண்ணப்பம் நகராது.

பத்திரத்தின் படியை ஏற்றும்போது முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் ஏற்றிவிடுவோர் உண்டு. பதிவு எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரை ஆகியவை தெளிவாகத் தெரிவதோடு, தபசில் உள்ள பக்கமும், இணைப்பு வாசகம் உள்ள பக்கமும் கட்டாயம் இருக்கவேண்டும். பதிவு செய்யப்படாத விற்பனை உடன்படிக்கையைக் கொண்டு பெயர் மாற்றம் கேட்பது பயனற்றது. உடன்படிக்கையால் வீடு கைமாறுவதில்லை.

விண்ணப்பம் எல்லா வகையிலும் நிறைவாக இருந்தால், 7 நாளுக்குள் பெயரை மாற்றவேண்டும் என்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் வகுத்த செயல்தர விதி. நாள் எண்ணப்படுவது நிறைவான விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்துதான். ஆகவே குறை இருக்கிறது என்று அலுவலகம் சொன்னால், என்ன குறை என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று. காரணமின்றித் தாமதித்தால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் முறையிடலாம். அதற்குமேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

கடல் கடந்து வாழ்பவர் தமக்காக ஊரில் ஒருவரை நியமிக்க விரும்பினால், இந்தியத் தூதரகத்தின் சான்றோடு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். வெளிநாட்டில் எழுதப்பட்ட அப்பத்திரம் இந்தியாவிற்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்படவேண்டும். இதைத் தவறவிட்டுப் பின் தொல்லைப்படுவோர் பலர். அவ்வதிகாரப் பத்திரத்திலும் 'வீட்டைப் பார்த்துக்கொள்ள' என்று பொதுவாக எழுதாமல், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, வீட்டுவரி ஆகியவற்றின் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பித்துக் கையொப்பமிட என்று வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும்.

பெயர் மாறியதா என்பதை அடுத்த கட்டணச் சீட்டில் பார்த்தால் தெரியும். அப்போதே கட்டண வகையையும் பார்த்துக்கொள்க. பழையவர் முன் அறையில் கடை வைத்திருந்தால் அவ்விணைப்பு வணிக விகிதத்தில் இருக்கும். பெயர் மாற்றம் பெயரை மட்டுமே மாற்றும், விகிதம் மாறாது. அதற்குத் தனியே விண்ணப்பிக்கவேண்டும்.

குடிநீருக்கு வேறு வாயில்

மின்சாரத்திற்கு மாநிலம் முழுவதும் ஒரே நிறுவனம். குடிநீர் அவ்வாறில்லை, அது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றின் பொறுப்பு. சென்னையில் மட்டும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் இதனைப் பார்க்கிறது.

இங்கே நினைவில் இருத்தவேண்டியது வரிசைமுறை. குடிநீர் இணைப்பு வீட்டுவரிப் பதிவை ஒட்டியே நிற்கிறது. ஆகவே முதலில் கிரயப் பத்திரத்தைக் காட்டி வீட்டுவரியைத் தம் பெயருக்கு மாற்றவேண்டும். அந்தப் புதிய வரி ரசீதைக் கொண்டு குடிநீர் இணைப்பின் பெயரை மாற்றவேண்டும். இதனைத் தலைகீழாகச் செய்ய முயல்வோர் இரண்டு மேசைகளுக்கிடையே அலைவர். வரி அரையாண்டுக் கணக்கில் வருவதால், கிரய நாள் வரை உள்ள அரையாண்டுகள் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதும் வேண்டும். விற்பனை நாள் வரை சேர்ந்த பொதுவரிகளை விற்பவரே செலுத்தவேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. பத்திரத்தில் மாறாக எழுதினாலன்றி அது பொருந்தும்.

நம் தஞ்சை வீட்டில் வீட்டுவரி முன்னமே மகள் பெயரில் இருந்தமையால், குடிநீருக்கு ஏணியில் ஒரே படிதான்: மகளிடமிருந்து வாங்கியவர்க்கு. 2011இல் வரியை மாற்றியபோதே மின் இணைப்பையும் மாற்றியிருந்தால், அதற்கும் ஒரே படியே இருந்திருக்கும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்பட்டிரா. வைப்புத்தொகையும் இருமுறை கட்டப்பட்டிராது.

பெயர் தருவதும் தராததும்

இறுதியாக ஓர் எல்லையைச் சுட்டவேண்டும். மின் இணைப்பு நம் பெயரில் இருப்பது வீடு நமதே என்பதற்குச் சான்றாகாது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உடைமையாளர் மட்டுமன்றிக் குடியிருப்பவரும் மின் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. ஆகவே வாடகைக்காரர் பெயரிலும் இணைப்பு இருக்கலாம். கட்டணச் சீட்டைக் காட்டி ஒருவர் வீட்டை விற்க வந்தால் அதனை நம்பலாகாது. உரிமைக்குச் சான்று பதிவான பத்திரமும் வில்லங்கச் சான்றும். நிலத்தின் அரசுப் பதிவுக்குப் பட்டா. பட்டா மாறியதால் மின் இணைப்பு மாறாது. மின் இணைப்பு மாறியதால் வீட்டுவரி மாறாது. ஒவ்வொன்றும் தனித்தனி ஏட்டில் உள்ள தனித்தனிப் பெயர்.

அவ்வேடுகள் அனைத்தையும் திருத்துவதற்கு உரிய சாவி கிரயப் பத்திரம் ஒன்றே. ஆதலின் அது எழுதப்படும் நாளில், கட்டணச் சீட்டையும் வரி ரசீதையும் பத்திரம் எழுதுபவர் முன் வைத்து, இரண்டு இணைப்பு எண்களையும், இரண்டு கதவு எண்களையும், வைப்புத்தொகையையும் தம் கண்முன் எழுதச் செய்து, எண்ணுக்கு எண் ஒத்துப் பார்த்த பின்னரே வாங்குபவர் கையொப்பத்திற்கு இசைதல் வேண்டும்.